மழையில் வீடு பார்க்க வந்தவள்

பட்டாபிராம் குளக்கரைத் தெருவில் மதிவதனி என்று பேர் சொல்லி விசாரித்தால் சிலருக்குத் தெரியாது. "மழையில ஊடு பாக்க வந்துச்சே, அந்தப் பொண்ணு" என்றால் தெருமுனையிலேயே வழி சொல்லிவிடுவார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் நல்ல நாள் பார்த்து, வெயில் தாழ்ந்த நேரம் பார்த்து வருவார்கள். இவள் முழங்கால் தண்ணீரில் இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

அவளுக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். கணவன் விஜய் ஐ.டி.ஐ. படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் வேலை கிடைத்ததும், அங்கே ஏற்கெனவே இருந்த நண்பன் செல்போனில் நாலு படம் அனுப்பினான். எஸ்டேட்டை ஒட்டிய பாடியில் ஒரு வீடு. படத்தில் சுவர் பளிச்சென்று இருந்தது, சமையல் மேடை கருங்கல், ஜன்னலுக்குக் கொசுவலை. படத்தைப் பார்த்தே சரி என்று சொல்லி, மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

படத்துக்குச் சத்தம் கிடையாது, தூசியும் கிடையாது. வீட்டுக்குப் பின்பக்கம் லாரிகள் திரும்புகிற இடம். பகலில் பட்டறைச் சத்தம் என்றால் ராத்திரியில் லாரி பிரேக் அடிக்கிற சத்தம். காலையில் துடைத்த தரையில் மத்தியானம் கால் வைத்தால் பாதம் கறுக்கும். அதையெல்லாம் பழகிக்கொள்ளலாம் என்றுதான் மதிவதனி நினைத்தாள். ஆனால் மூன்று வயது சிம்ரனுக்கு இருமல் ஆரம்பித்தது. இருமல் இழுப்பானது. மூச்சு இழுக்கும்போது விலாவின் இடைவெளி உள்ளே குழிந்து குழிந்து எழுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கத் தாய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், டாக்டர் எங்கே என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் பார்த்த டாக்டர், வீசிங் இருக்கிற குழந்தை, தூசியும் புகையும் ஆகாது, முடிந்தால் இடத்தை மாற்றுங்கள் என்றார்.

அன்றைக்கு அவள் விஜய்யிடம் சொன்னது ஒன்றுதான். "அடுத்த வீட்ட நான் பார்க்கறேங்க. நாலு வேளை பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்லுவேன்."

புரோக்கர் துலுக்கானம் ஆவடியில் இருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, பைக், இடைவிடாமல் பேச்சு. அவர் காட்டிய வீடுகளில் ஒன்று விஜய்யின் மனதில் ஒட்டிக்கொண்டது. திருநின்றவூரில் ஏரிப் பக்கம் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் தனி வீடு. தரைத்தளம், வழவழவென்று டைல்ஸ், வாசலில் ஒரு செம்பருத்திச் செடி. லாரி இல்லை, பட்டறை இல்லை, காற்று வீசிக்கொண்டே இருந்தது. சிம்ரன் கூடத்தில் ஓடி வழுக்கி விழுந்து சிரித்தாள். விஜய்க்கு அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

துலுக்கானம் சொன்னார், இன்னும் மூணு பார்ட்டி வரிசையில் நிற்கிறார்கள், இன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் நல்லது, ஓனர் வெளியூர், தங்கமான மனுஷன். மழைத் தண்ணீர் எப்படி என்று மதிவதனி கேட்டாள்.

"யம்மா, ஒரு சொட்டு நிக்காது. நான் இந்த ஏரியாவுலயே பொறந்தவன். என்ன நம்பு."

அவள் ஒரு வாரம் டைம் கேட்டாள். புரோக்கர் முகம் சுருங்கியது. விஜய்க்கும்தான். வீட்டுக்குப் போகும் வழியில், எல்லாம் சரியாக இருக்கிற இடம் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று அவன் முணுமுணுத்தான். அது எனக்கும் தெரியும், எது சரியில்லை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்றுதான் டைம் கேட்டேன் என்றாள் அவள்.

அந்த வாரம் அவள் செய்ததை அவளே பெரிதாகச் சொல்வதில்லை. கேட்டால், "சும்மா போயிப் போயி நின்னேன்" என்பாள். முதலில் ஒரு சாயங்காலம் போய் நின்றாள். விளக்கு வைக்கும் நேரம் அது. அந்த மனைப்பிரிவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன, மீதி வீடுகளில் கேட்டுக்குப் பின்னால் நாய் குரைத்தது. தெருவில் ஒரு குழந்தைகூட விளையாடவில்லை. குழந்தைகள் இல்லாமல் இல்லை. மாடி ஜன்னல்களில் டி.வி. வெளிச்சத்தில் தலைகள் தெரிந்தன. ஸ்டேஷனில் இருந்து வரும் வழியில் ஒரு நீளமான இடத்தில் விளக்குக் கம்பமே கிடையாது. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து விஜய் வருகிற வழி அதுதான்.

கைப்பையில் ஒரு சோப்புத் துண்டு வைத்திருந்தாள். வாசல் குழாயைத் திறந்து கையில் தேய்த்துப் பார்த்தாள். நுரையே வரவில்லை, கை பிசுபிசுத்தது. ஒரு வாய் ஊற்றிப் பார்த்துத் துப்பினாள். உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தது. மருந்துக் கடை எங்கே என்று தேடி நடந்தாள். அது மெயின்ரோட்டில் இருந்தது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம் இல்லை.

இத்தனைக்கும் பிறகுகூட அவள் அந்த வீட்டை வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. விளக்கு இல்லாவிட்டால் டார்ச் இருக்கிறது, தண்ணீர் உப்பு என்றால் கேன் இருக்கிறது. செம்பருத்தியும் அந்தக் காற்றும் அவளையும் இழுத்தன. வேலைக்குப் போகிற நேரத்தில் ரயில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தாள்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலக நேரத்தில், சிம்ரனை இடுப்பில் வைத்துக்கொண்டு திருநின்றவூர் பிளாட்பாரத்தில் நின்றாள். பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும், விஜய்யின் கம்பெனி அங்கிருந்து நடக்கிற தூரம். திருவள்ளூர்ப் பக்கமிருந்து வண்டி வந்தது. வரும்போதே நிறைந்து வந்தது. அவள் ஊர்த் திருவிழாவில் தேர் இழுக்கும்போதுதான் அவ்வளவு கூட்டம் பார்த்திருக்கிறாள். இங்கே அது ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தது, ஒவ்வொரு நாள் காலையிலும் இருந்தது. பெண்கள் பெட்டிக் கதவருகே போனவள், ஏற முடியாது என்று தெரிந்து பின்வாங்கினாள்.

உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. "கொய்ந்தய குடு."

யார் கை என்று பார்ப்பதற்குள் சிம்ரன் இடுப்பில் இல்லை. வாசலில் நின்றவள் அடுத்தவளிடம் கொடுத்தாள், அவள் அதற்கடுத்தவளிடம். குழந்தை தலைகளுக்கு மேலே, கைமாறிக் கைமாறி, காற்றில் மிதக்கிற மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருத்தி போனில் தன் அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டே குழந்தையை வாங்கி, சண்டையை நிறுத்தாமல் அடுத்தவளிடம் கொடுத்தாள். மதிவதனியை இரண்டு பேர் உள்ளே இழுத்துப் போட்டார்கள். வண்டி கிளம்பியது. அவள் எட்டிப் பார்த்தபோது சிம்ரன் ஜன்னலோரம் ஒரு பெண்ணின் மடியில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். மதிவதனிக்குப் பயம்தான் முதலில். அப்புறம் அது பயம் இல்லை என்று தெரிந்தது. இவ்வளவு பெரிய கூட்டத்துக்குள் இப்படி ஒரு வழக்கம், யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்காமலே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மடியில் வைத்திருந்த பெண்ணின் பேர் தேவிப்பிரியா. அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் டெய்லர், பட்டாபிராம்காரி. ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அங்கிருந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நெரிசலில் நிற்கக் கால் கிடைத்ததும் மதிவதனி வீடு பார்க்கிற கதையைச் சொன்னாள். குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை என்றதும் தேவிப்பிரியா, தன் தெருவில் ஒரு மாடி வீடு காலியாக இருப்பதாகவும், குழந்தைகள் டாக்டர் ஒருவர் தெருவைத் தாண்டி அடுத்த தெருவிலேயே இருப்பதாகவும் சொன்னாள். "வந்து பாரு. புடிக்கலனா போ. யாரு உன்ன புடிச்சி வெக்கப் போறா?"

அன்று மாலையே விஜய்யைக் கூட்டிக்கொண்டு போனாள். பழைய வீடு. லோகநாதன், நாகம்மாள் தம்பதிக்குச் சொந்தம். ஒரு காலத்தில் அங்கே நெல் விளைவித்த குடும்பம். நிலம் மனையானதும் ஒரு மனையை வைத்துக்கொண்டு வீடு கட்டிக்கொண்டார்கள். கீழே அவர்களே இருந்தார்கள், வாசலில் நாகம்மாள் இட்லி மாவு அரைத்து விற்றாள். மாடி சின்னது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். டைல்ஸ் கிடையாது, சிவப்பு சிமெண்ட் தரை. விஜய் அந்தத் தரையைக் கால் விரலால் கீறிப் பார்த்து முகம் சுளித்தான்.

தெருவில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சிம்ரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே அவர்களுக்குள் போய்விட்டாள். மதிவதனி சோப்பை எடுத்தாள். சுமாராக நுரைத்தது. அதைப் பார்த்த நாகம்மாள், போர் தண்ணி குளிக்க மட்டும்தான், குடிக்க முனிசிபல் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சித்திரை மாசத்தில் அதுவும் சந்தேகம் என்று தானாகவே சொன்னாள். மதிவதனி மழைத் தண்ணீரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தபோது மாவு வாங்க நாலு பேர் வந்துவிட்டார்கள். பேச்சு அங்கேயே நின்றது.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. ராத்திரி முழுக்கக் கொட்டி, காலையிலும் விடவில்லை. மறுநாள் துலுக்கானத்துக்கு டோக்கன் கொடுப்பதாக விஜய் ஒப்புக்கொண்டிருந்தான். மதிவதனி சிம்ரனுக்கு ரெயின்கோட் மாட்டினாள். விஜய் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் திகைத்துப் பார்த்தான். "இந்த மழையில எங்க போற?"

"இந்த மழையிலதாங்க போகணும்."

திருநின்றவூரில் இறங்கி ஆட்டோவில் போனாள். மனைப்பிரிவின் வாசலோடு ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார், உள்ளே வண்டி வராது என்றார். ரோடு தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. செம்பருத்திச் செடி பாதி உயரம் தண்ணீரில் நின்றது. படியில் ஏறி நின்று அவள் அந்த வீட்டை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள். கரண்ட் மீட்டர் பெட்டி ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டுகிற உயரத்தில் இருந்தது. போன முறை அதைக் கவனிக்கவில்லை. அதற்கு நேர் கீழே, இடுப்பு உயரத்தில், புட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்த நாலு ஓட்டைகள். பெட்டி முதலில் அங்கேதான் இருந்திருக்கிறது. வாசலோரம் செருப்பு வைக்கிற மர அலமாரியின் கதவைத் திறந்தாள். அடித்தட்டுப் பலகை ஊதிப் பிளந்திருந்தது. கீலின் இடுக்கில் உலர்ந்த வண்டல் விரலில் மாவு மாதிரி வந்தது. தண்ணீர் இந்த வீட்டுக்குள் வந்து, இருந்து, போயிருக்கிறது. யாரோ துடைத்திருக்கிறார்கள்.

கேட்பதற்கு ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது, அவளைப் பார்த்தது, மூடிக்கொண்டது.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் ஒரு கூட்டம் குடைபிடித்து நிற்பதைப் பார்த்து அவளும் ஏறினாள். ஏரி நிறைந்து, கலங்கல் என்று சொல்கிற அந்தக் கல் தடுப்பின் மேலே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒகேனக்கல் பக்கத்துக்காரிக்கு அருவி புதிதில்லை. ஆனால் அருவி கத்தும். இது கத்தவில்லை. ஒரு பெரிய மிருகம் புரண்டு படுப்பதுபோல ஏரி மொத்தமும் மெல்ல அசைந்து, கண்ணாடி வளைவாகக் கல்லைத் தாண்டி இறங்கியது. இறங்கிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணை ஓட்டினாள். கால்வாய் கொஞ்ச தூரம் தெளிவாக ஓடியது. அப்புறம் ஒரு காம்பவுண்டு சுவரில் முட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இப்போது இறங்கி வந்த மனைப்பிரிவு. தண்ணீர் கோபப்படவில்லை. தன் பழைய வழியைத் தேடிச் சுவரோரமாகப் பரவிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மதிவதனி வெகுநேரம் அங்கே நின்றாள். குடை பிடிப்பதை மறந்துவிட்டாள் என்று பிறகு சொன்னாள்.

அங்கிருந்து நேராகப் பட்டாபிராம். அந்தத் தெரு மட்டும் எப்படி இருந்துவிடப் போகிறது என்ற எண்ணத்தோடுதான் இறங்கினாள். அவள் நினைத்தது சரி. குளக்கரைத் தெருவிலும் தண்ணீர். முழங்கால் வரைக்கும். ஆனால் தெரு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கீழ் வீட்டுக்காரர்களின் கேஸ் சிலிண்டர்கள் மாடிப்படிகளில் வரிசையாக ஏறியிருந்தன. சாக்கடை மூடி இருக்கிற இடங்களில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஒருவர் கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு லைனை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். நாகம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிரைண்டரைச் செங்கல் மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினாள்.

"இன்னாம்மா, இந்த மழையில கொய்ந்தய தூக்கினு?"

"வீடு பார்க்க வந்தேங்க்கா. தண்ணி எது வரைக்கும் வரும்?"

நாகம்மாள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். கூடத்துச் சுவரில் இரண்டு கோடுகள். பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு இடத்தையும் விட்டு அடித்திருந்தார்கள். மேல் கோடு மதிவதனியின் இடுப்புக்கு மேலே இருந்தது. அது பதினஞ்சாம் வருஷத்து வெள்ளம். முழங்காலுக்குக் கீழே இருந்தது போன வருஷத்தது.

"இதான் கணக்கு. பெரிய மழைனா உள்ள வரும், ரெண்டு நாள் இருக்கும், வடிஞ்சிடும். மாடிக்கு வந்ததில்ல. பொய் சொல்லி இன்னாத்துக்கு உன்ன வெக்கணும்? நாளைக்கு நீ என் மூஞ்சில தான முழிக்கணும்."

பின்னால் லோகநாதன் வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர். கீழ் வீடு காலியாக இருந்திருந்தாலும் சின்னக் குழந்தை வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்றார். மழைக் காலத்தில் பாலும் மருந்தும் முன்கூட்டியே மாடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

மதிவதனி அந்தக் கோடுகளின் முன்னால் நின்றாள். காலையில் பார்த்த புட்டி வைத்த ஓட்டைகள் நினைவுக்கு வந்தன. அங்கேயும் தண்ணீர், இங்கேயும் தண்ணீர். இந்தப் பக்கம் முழுக்க ஏரிகளும் வயல்களுமாக இருந்த பூமி, தண்ணீர் வராத இடத்தைத் தேடிப் பிடிக்கத் தன் வசதியில் முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. தனக்கு வரப்போகும் லாபத்தைப் பாராமல் ஒரு வீட்டுக்காரி சுவரைக் காட்டுகிறாள் என்பதுதான் அவளை அசையவிடாமல் நிறுத்தியது.

போகும்முன் இன்னும் ஒரு காரியம் செய்தாள். அந்தத் தண்ணீரிலேயே டாக்டர் வீடு வரைக்கும் நடந்து பார்த்தாள். தேவிப்பிரியா சொன்ன டாக்டர் ஆனந்தன். அடுத்த தெரு கொஞ்சம் மேடு, கிளினிக் வாசலில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. அவர் கிளினிக்குக்கு மேலேயே குடியிருந்தார். சிம்ரனைப் பார்த்தார். கரண்ட் போனால் நெபுலைசர் மெஷினில் மருந்துப் புகை கொடுக்க முடியாதே என்று மதிவதனி கேட்டதற்கு, கையாலேயே மருந்து அடிக்கிற இன்ஹேலர் பம்ப்பும் அதைப் பொருத்துகிற பிளாஸ்டிக் குழாயும் எழுதிக் கொடுத்து, எப்படி வைத்து எப்படி மூச்சு இழுக்கவிட வேண்டும் என்று செய்து காட்டினார். அப்படியும் விலா குழிந்தால் காத்திருக்க வேண்டாம், எந்த நேரமானாலும் வந்து கதவைத் தட்டுங்கள் என்றார்.

அன்று இரவு விஜய் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "தண்ணி வர்ற தெருன்னு தெரிஞ்சே போறோம்" என்றான்.

"ஆமாங்க. தெரிஞ்சே போறோம்."

துலுக்கானம் கோபித்துக்கொண்டார். பிறகு அவரும் விஜய்யும் பழகிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். லோகநாதன் பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டார். மதிவதனி ஒவ்வொரு வரியையும் படித்து, காலி செய்ய எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும், ரிப்பேர் யார் பொறுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விஜய் கையெழுத்துப் போட்டான். மழை நின்ற பிறகு குடி வந்தார்கள். தூசி குறைந்ததும் சிம்ரனின் இழுப்பு குறைந்தது. முழுக்கப் போகவில்லை, ஆனால் குறைந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் புயல் வந்தது. அந்த மழையைப் பற்றிச் சென்னையில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். குளக்கரைத் தெருவில் தண்ணீர் பொழுது விடியும்போது படியைத் தொட்டது, மத்தியானம் சுவரின் மேல் கோட்டை நெருங்கியது. கரண்ட் நிறுத்திவிட்டார்கள். ரயில் நின்றுவிட்டது. ஷிஃப்டுக்குப் போயிருந்த விஜய் கம்பெனியிலேயே மாட்டிக்கொண்டான், போனில் சிக்னலும் போயிற்று. லோகநாதனும் நாகம்மாளும் மாடிக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு தேவிப்பிரியாவும் அவள் மாமியாரும் வந்தார்கள். சின்ன மாடி வீடு, எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிம்ரனுக்கு இழுப்பு ஆரம்பித்தது. மதிவதனி பம்ப்பை எடுத்து, டாக்டர் காட்டியபடி குழாயில் வைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் அடங்கியது. மறுபடி எழுந்தது. மறுபடி கொடுத்தாள். விலா குழிய ஆரம்பித்தது. உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. மதிவதனி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். லோகநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். மாடிக் கைப்பிடிச் சுவரருகே போய், இரண்டு கையையும் வாயோரம் குவித்து, தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தத் தொண்டையில் அவ்வளவு குரல் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"கொய்ந்தைக்கு மூச்சு முட்டுது. டாக்டரண்ட போவணும். அண்டா எடுத்தாங்க."

அப்புறம் நடந்ததை மதிவதனி இன்றைக்கும் மெதுவாகத்தான் சொல்வாள். கோயிலில் கூழ் ஊற்றுகிற பெரிய அலுமினிய அண்டா ஒன்று தண்ணீரில் மிதந்து வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு நாலைந்து ஆண்கள் வந்தார்கள், நெஞ்சளவு தண்ணீரில், இடுப்பில் கயிறு கட்டி ஒருவரை ஒருவர் பிணைத்துக்கொண்டு. அண்டாவில் மெத்தை மாதிரி துணி மடித்துப் போட்டு, சிம்ரனை உட்கார்ந்த வாக்கிலேயே வைத்து, மேலே ஒருவர் தார்ப்பாயைப் பிடித்தார். மதிவதனி பக்கத்தில் இறங்கினாள். தண்ணீர் கறுப்பாக, குளிராக, அவள் கழுத்தின் கீழே வந்து நின்றது. கம்பும் சிவப்புத் துணியும் எல்லாம் மூழ்கிவிட்டிருந்தன. எது ரோடு, எது சாக்கடை என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் மாடிகளில் இருந்து குரல்கள் கேட்க ஆரம்பித்தன. முதல் வீட்டு மாடியில் நின்ற கிழவர் சொன்னார், என் கேட்டுக்கு நேரா மூடி கீது, வலது பக்கம் வா. அடுத்த வீட்டு மாடியில் ஒரு பெண், இங்க ஸ்பீட் பிரேக்கர், கால் தூக்கி வை. அதற்கடுத்த வீட்டில், என் பைக் நிக்குது பாத்து, செவுத்த புடிச்சினு போ. ஒவ்வொருவருக்கும் அவரவர் வாசல் தெரியும். ஒரு வீட்டின் குரல் விடும் இடத்தில் அடுத்த வீட்டின் குரல் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க, மழைக்கு மேலே, இருட்டிக்கொண்டு வரும் வானத்துக்குக் கீழே, அவளுக்கு முகம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அந்த அண்டாவைக் குரலாலேயே தூக்கிக் கொண்டுபோனார்கள். மதிவதனி அழவில்லை. தண்ணீரில் நடக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ரயிலில் கைமாறிப் போன அதே குழந்தை, இப்போது குரல் மாறிக் குரல் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். கோயில் கருவறையில் விளக்கு ஏற்றும்போது உடம்பில் ஒன்று ஓடுமே, அது தனக்கு அந்தச் சாக்கடைத் தண்ணீரில் ஓடியது என்று சொன்னாள்.

டாக்டர் ஆனந்தன் குரல்களைக் கேட்டே கீழே வந்து வாசலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். கிளினிக்கின் ஆக்சிஜன் சிலிண்டரை முன்னமே மாடிக்கு ஏற்றி வைத்திருந்தார். அதில் மருந்துக் குப்பியைப் பொருத்தி, மாஸ்க்கைக் குழந்தையின் முகத்தில் வைத்தார். ஊசி ஒன்று போட்டார். ஒரு மணி நேரம் போல ஆனதும் விலா குழிவது நின்றது. சிம்ரன் தாயின் மடியில் தூங்கினாள். டாக்டரின் மனைவி மதிவதனிக்கு மாற்றுச் சேலை கொடுத்தாள், இரவு அங்கேயே தங்க வைத்தாள்.

இரண்டாம் நாள் விஜய் வந்து சேர்ந்தான். அம்பத்தூரில் இருந்து தண்டவாளத்து ஓரமாகவே நடந்து வந்திருந்தான். தண்ணீர் முழங்காலுக்கு வடிந்திருந்தது. நடந்ததை நாகம்மாள்தான் சொன்னாள், சேற்றை வாரிக்கொண்டே. அவன் கேட்டு முடித்தான், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் இறங்கினான். அன்று முழுக்கக் கீழ் வீடுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தான். அக்ரிமெண்ட் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, பயந்துவிட்டீர்களா, வேறு இடம் பார்க்கிறீர்களா என்று லோகநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டார். விஜய் பேனாவைக் கேட்டான்.

சிம்ரன் இப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். மதிவதனி தேவிப்பிரியாவோடு அதே ரயிலில் அதே துணிக் கம்பெனிக்குப் போகிறாள். அன்றைக்கு அண்டா தள்ளி வந்தவர்களில் மூன்று பேர் அவள் தெருக்காரர்கள், பேர் தெரியும், பண்டிகைக்கு வீட்டில் செய்ததை அனுப்புவாள். மற்ற இருவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பின் தெருவாக இருக்கும் என்கிறார்கள், ரயில்வே சைடிங் பக்கம் என்கிறார்கள், அந்த வழியாகப் போனவர்கள் குரல் கேட்டு இறங்கியிருக்கலாம் என்கிறார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு, டாக்டர் வாசலில் இருந்தே அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். முகமும் அவளுக்கு நினைவில்லை, மழையும் இருட்டும்.

காலையில் பிளாட்பாரத்தில் நிற்கும்போது, எதிரே டீ குடித்துக்கொண்டு, போன் பார்த்துக்கொண்டு, வண்டிக்குக் காத்து நிற்கிற ஆண்களை அவள் ஒவ்வொருவராகப் பார்க்கிறாள். இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், எல்லோரையும் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.